மூக்குத்தண்டு அறுவைக்குப் பிறகு

மூக்குத்தண்டு வளைவுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர் நாலாம் நாள், "முன்னைவிட அடைப்பு அதிகமாகிவிட்டதே" என்று கலங்குவது இயல்பு. பார்க்க வந்த உறவினரும், "இதற்குப் பேசாமல் இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போவார். செப்டோபிளாஸ்டி எனப்படும் இந்த அறுவையை முதல் வாரத்தை வைத்து எடைபோடவே கூடாது என்பது என் கட்சி. அதற்கான காரணம் அறுவை செய்யும் முறையிலேயே இருக்கிறது.

இரண்டு நாசிகளுக்கும் நடுவில் நிற்கும் சுவரின் முன்பாதி குருத்தெலும்பு, பின்பாதி எலும்பு. இருபுறமும் ஈரமான மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. நாசிக்குள் சிறு கீறல் போட்டு, அந்தச் சவ்வை உரித்து விலக்கி, வளைந்த பாகத்தை எடுத்தோ நிமிர்த்தியோ, சவ்வை மறுபடி ஒட்டித் தைக்கிறார்கள். முகத்தில் தழும்பு விழாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குருத்தெலும்பில் பெரும்பகுதியை எடுத்துவிடும் முறை பரவியது. சிலருக்கு மூக்கின் மேடு அமுங்கிப்போனது, சிலருக்குச் சுவரில் ஓட்டை விழுந்தது. இன்று மேல் விளிம்பிலும் முன் விளிம்பிலும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலப் பட்டையைத் தொடாமல் விடுகிறார்கள். மூக்கு நிற்பதே அதன்மேல்தான். எதை எடுக்காமல் விடுவது என்று அறிவதில்தான் இந்தக் கலையின் நுட்பம் இருக்கிறது என்பேன். ஆனால் எவ்வளவு நுட்பமாகச் செய்தாலும், உரிக்கப்பட்ட சவ்வு வீங்கத்தான் செய்யும். சுவர் நேராகிவிட்ட பிறகும் வழி அடைத்திருப்பது அந்த வீக்கத்தால்தான்.

திண்டிவனத்தில் கடைக் கணக்கு பார்க்கும் 35 வயதுக்காரர் ஒருவர், முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்த அறுவை செய்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூக்கில் பஞ்சு திணித்திருந்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள். அதுவரை வாயால்தான் மூச்சு. தொண்டை வறண்டு, தூக்கம் கெடும். சிலிக்கான் தகடு வைத்திருந்தால் அது ஒரு வாரம் போல உள்ளே இருக்கும். சில நாள் ரத்தம் கலந்த சளி கசியும். மேல்வரிசை முன்பற்கள் மரத்ததுபோல் இருந்தால் பயப்பட வேண்டாம். அங்கே ஓடும் நரம்பு சீண்டப்பட்டதன் விளைவு அது, பெரும்பாலும் தானாகவே சரியாகும். இரண்டு தலையணை வைத்துப் படுக்க வேண்டும். மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மருத்துவர் சொன்னபடி உப்புநீர் விட்டுக்கொண்டே வந்தால் பொருக்கு இளகி விழும். பொருக்கை விரலால் பிய்ப்பதும், பழக்கதோஷத்தில் ஆவி பிடிப்பதும் ரத்தக்கசிவைக் கிளப்பிவிடும். நாற்காலி வேலைக்கு ஒரு வாரம், பத்து நாளில் திரும்பலாம். ஆனால் மூட்டை தூக்குகிறவருக்கு இரண்டு மூன்று வாரம் ஓய்வு தேவை. காற்று தாராளமாகப் போவதை முழுதாக உணர மூன்று மாதம்கூட ஆகும்.

"ஸ்ப்ரே அடித்தால் போதாதா?" என்ற கேள்வி நியாயமானது. பிரிட்டனில் 378 பேரை வைத்து இதையே சோதித்தார்கள். முடிவு 2023-இல் வெளியானது. ஒரு பாதிக்கு அறுவை, மறுபாதிக்கு ஆறு மாதம் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் உப்புநீர் ஸ்ப்ரேயும். ஆறாம் மாதம் மூக்குத் தொல்லையை மதிப்பெண்ணாக அளந்தபோது ஸ்ப்ரே அடித்தவர்களுக்குச் சராசரி 39.5, அறுவை செய்துகொண்டவர்களுக்கு 19.9, மதிப்பெண் குறையக் குறையத் தொல்லை குறைவு. அதே ஆய்வில் அறுவை நடந்த 174 பேரில் ஏழு பேர் ரத்தக்கசிவுக்காக மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இன்னும் 20 பேருக்குத் தொற்றுக்காக ஆன்டிபயாடிக் தேவைப்பட்டது. அறுவையின் பலனோடு இந்த விலையையும் சேர்த்தேதான் பார்க்க வேண்டும்.

"அறுவை செய்தும் மூக்கடைப்பு போகவில்லை" என்பவர்களும் பொய் சொல்லவில்லை. ரைஸ்மில் தவிட்டிலும் கல்குவாரித் தூசியிலும் நாளெல்லாம் நிற்கிறவருக்கு அலர்ஜியும் இருக்கலாம். சவ்வு வீங்கும் அந்தக் குணத்தைக் கத்தி மாற்றாது. அவருக்கு அறுவைக்குப் பிறகும் ஸ்ப்ரே வேண்டியிருக்கும். தண்டு லேசாக வளைந்திருப்பது மிகப் பலருக்கு உண்டு, அவர்களில் பெரும்பாலோருக்கு அதனால் தொல்லையே இல்லை. ஸ்கேனில் வளைவு தெரிகிறது என்பதற்காக மட்டும் கத்தி வைக்கத் தேவையில்லை.

பொறுத்திருங்கள் என்று இவ்வளவு சொன்னேன். பொறுக்கக் கூடாத இடமும் உண்டு. சாதாரண வீக்கத்தில் வலி நாளுக்கு நாள் குறையும். மாறாக, முதல் சில நாட்களில் வலி ஏறிக்கொண்டே போய், இரண்டு பக்கமும் இறுக அடைத்து, காய்ச்சலும் சேர்ந்தால், சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே ரத்தம் கட்டி அதில் சீழ் பிடித்திருக்கக்கூடும். குருத்தெலும்புக்குத் தனி ரத்தக்குழாய் கிடையாது. சவ்விலிருந்துதான் அதற்கு ஊட்டம். சவ்வு விலகி நின்றால் சில நாளிலேயே குருத்தெலும்பு அழியத் தொடங்கி, மூக்கு பள்ளமாகிவிடும். உடனே திறந்து வடித்தால் காப்பாற்றலாம். அதனால் அந்தத் திண்டிவனத்துக்காரர் காலை ஓ.பி. வரை காத்திருக்காமல் அன்று இரவே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். ரத்தம் நிற்காமல் கொட்டினாலும் அப்படித்தான், 108-ஐ அழைத்துவிட வேண்டும்.