தொலைவிலிருந்து ஐபோனுக்கு உதவி: பார்க்கலாம், ஆனால் தொடலாமா?



அப்பா திருநெல்வேலியில் ஐபோன் வைத்திருக்கிறார். மகள் பெங்களூரில், ஆண்ட்ராய்டு போன். ஒரு சேவை ஆப்பில் ஆவணத்தைப் படம் எடுக்கப் போனால், கேமரா திறக்காமல் கருப்பாகவே நிற்கிறது. மகள் எப்படி உதவுவது?

வாட்ஸ்அப் வீடியோ காலில் அப்பா திரைப் பகிர்வுக் குறியைத் தட்டி, Start Broadcast கொடுக்க வேண்டும். அதன்பின் அவர் எந்த ஆப்புக்குப் போனாலும் மகளுக்குத் தெரியும். ஆனால் அவர் விரல் தெரியாது. தட்டிய பிறகு என்ன மாறியது என்பதுதான் தெரியும். அதனால் "அதை அமுக்குங்கப்பா" என்றால் புரியாது. "Settings போங்கப்பா, கடைசி வரைக்கும் தள்ளுங்க, Apps-னு இருக்கும்" என்று திரையில் உள்ள சொல்லையே சொல்ல வேண்டும். (பழைய ஐஓஎஸ்-ல் ஆப்களின் பெயர் நேராகவே கீழே வரும்.) அங்கே அந்த ஆப்பைத் தட்டி, Camera-வை ஆன் செய்தால் வேலை முடிந்தது.

"நானே இங்கிருந்து தட்டக் கூடாதா?" என்று மகள் கேட்கலாம். வாட்ஸ்அப்பில் முடியாது. எனிடெஸ்க் மாதிரி ஆப் போட்டாலும் ஐபோனில் பார்க்கத்தான் முடியும். ஐபோனில் ஒவ்வொரு ஆப்பும் தன் அறைக்குள் மட்டுமே இயங்கும். திரையைப் படமாக அனுப்ப ஆப்பிள் அனுமதி தருகிறது. அடுத்த ஆப்பைத் தொட அனுமதி தருவதில்லை.

இதற்கு ஒரு விலக்கு ஃபேஸ்டைம். இருவரிடமும் ஐபோன், இரண்டிலும் ஐஓஎஸ் 18 அல்லது அதற்கு மேல் இருந்தால், திரையைப் பகிர்ந்த பிறகு உதவுபவர் கட்டுப்பாடு கேட்கலாம். போன்காரர் சம்மதித்தால்தான் கிடைக்கும். அவர் நினைத்தால் கட்டுப்பாட்டை நிறுத்திவிடலாம். அப்போதும் ஆப்பிள் கணக்கையோ முக அடையாள அமைப்பையோ மாற்ற முடியாது. போனை அழிக்கவும் முடியாது. மகளிடம் ஆண்ட்ராய்டு என்பதால் இந்த வழி அவர்களுக்கு இல்லை.

தொட முடியாது என்பதால் ஆபத்தே இல்லை என்று நினைக்காதீங்க. பகிரும்போது வரும் ஓடிபி திரையில் தெரிந்துவிடலாம். வங்கி அதிகாரி என்று சொல்லும் ஏமாற்றுக்காரருக்கு அது போதும். போனைத் தொடவே வேண்டாம், தன் போனிலேயே அதைப் போட்டுக்கொள்வார். ஆகவே பணம், ஓடிபி, வங்கி ஆப் பக்கம் போகும் முன் பகிர்வை நிறுத்துங்க. மேலே சிவப்புக் குறி தெரிகிற வரை பகிர்வு ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைத் தட்டினால் நிறுத்தலாம்.

பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்க.