மூக்கு நுனியில் ஒரு கொப்புளம்

(நெமிலியில் முதியோருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் எங்கள் கண் பிரிவினர் ஆற்றிய பேச்சு, இம்மடலின் ஆதரவாளர்களும் வாசிக்கும்படி இங்கே தரப்படுகிறது.)



அக்கி என்றால் என்ன என்று இந்த ஊரில் யாருக்கும் நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. விலாவிலோ முதுகிலோ ஒரு பக்கமாகச் சிவந்து, நெருப்புப் பட்டதுபோல் எரிந்து, கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம் எழும்பும். மண்பாண்டம் செய்யும் பெரியவரிடம் போனால் காவிக்கல்லை உரைத்து அதன்மேல் எழுதுவார். இரண்டு மூன்று நாள் எழுதுவார்கள். பிறகு கொப்புளம் காய்ந்து, பொருக்குத் தட்டி, உதிர்ந்துவிடும். இதை நீங்கள் கண்ணால் கண்டிருக்கிறீர்கள். ஆகையால் அக்கி எழுதுவதை நம்புகிறீர்கள். அந்த நம்பிக்கையைப் பரிகாசம் பண்ண நாங்கள் வரவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். உடம்பில் வரும் அக்கியின் கொப்புளங்கள், எழுதினாலும் எழுதாவிட்டாலும், பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தாமாகவே ஆறிவிடும். விலாவில் அப்படி ஆறினால் ஒரு தழும்பும் சில காலம் வலியும் மிஞ்சலாம். அதே அக்கி நெற்றியிலும் இமையிலும் மூக்கிலும் வந்தால், தோல் ஆறும் அந்த நாட்களுக்குள் கண் கெட்டுப்போகக்கூடும். இன்று நாங்கள் பேசப்போவது அந்த ஒரு இடத்தைப் பற்றித்தான்.

சிறு வயதில் நமக்குச் சின்னம்மை வருகிறது. அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிடுகிறோம். ஆனால் அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பின் வேர்களில் ஒளிந்து, வருடக்கணக்காகத் தூங்கும். வயது ஏறும்போதோ, வேறு வியாதியாலோ மருந்தாலோ உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறையும்போதோ அது விழித்து, ஒரு நரம்பின் வழியே தோலுக்கு இறங்கி வருகிறது. அதுதான் அக்கி. ஒரு நரம்பு உடம்பின் ஒரு பாதிக்குத்தான் போகும். ஆகையால் அக்கி நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போவது அபூர்வம்.

நெற்றிக்கும் கண்ணுக்கும் போகிற நரம்பு ஒன்றுதான். அதன் ஒரு கிளை நெற்றிக்கும் மேலிமைக்கும் போகிறது. இன்னொரு கிளை கண்குழிக்குள் புகுந்து, கண்ணுக்குள் மெல்லிய இழைகளை அனுப்பிவிட்டு, பிறகு மூக்கின் பக்கவாட்டில் வெளியே வந்து மூக்கு நுனியில் முடிகிறது.

நீங்கள் ஏரிப் பாசனம் அறிந்தவர்கள். வாலாஜா அணைக்கட்டில் பாலாற்றுத் தண்ணீரைத் திருப்பினால் அது கால்வாய் வழியாகக் காவேரிப்பாக்கம் ஏரிக்கு வருகிறது. அங்கிருந்து மதகு திறந்தால் வயல் வயலாகப் பாய்கிறது. கடைமடை வயலில் தண்ணீர் நிற்கிறது என்று ஒருவர் சொன்னால், அதே வாய்க்காலின் மேல்மடைக்கும் தண்ணீர் வந்திருக்கும் என்று போய்ப் பார்க்காமலே நமக்குத் தெரியும். மூக்கு நுனி அந்த நரம்பின் கடைமடை. கண் அதே வாய்க்காலின் மேல்மடை. மூக்கு நுனியில் கொப்புளம் எழும்பினால், அந்தக் கிருமி கண்ணுக்குப் போகும் கிளையில் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

இதை முதலில் தெளிவாக எடுத்துச் சொன்னவர் ஜோனத்தன் ஹட்சின்சன் என்ற இலண்டன் அறுவை மருத்துவர். 1860களில், மூக்கின் பக்கத்திலும் நுனியிலும் கொப்புளம் வந்தவர்களுக்குத்தான் கண்ணும் அதிகமாக அழலுகிறது என்று அவர் கவனித்து எழுதினார். இன்றும் மருத்துவர்கள் இதை ஹட்சின்சன் அடையாளம் என்றே அழைக்கிறார்கள். இந்த அடையாளம் உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குக் கண் பாதிக்கப்படும் என்று பொதுவாகச் சொல்வார்கள். மூக்கில் கொப்புளம் இல்லாவிட்டால் கண் தப்பிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அப்படிப்பட்டவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கண் பாதிக்கப்படலாம். ஆகவே நெற்றியிலோ இமையிலோ அக்கி வந்த எல்லாருமே கண்ணைக் காட்ட வேண்டும். மூக்கு நுனியில் இருந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

இது எப்படி நடக்கும் என்பதை ஒரு உதாரணத்தில் பார்ப்போம். நெமிலிப் பக்கத்து ஊரிலிருந்து இராணிப்பேட்டைத் தோல் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் 58 வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை வியாதியும் உண்டு. ஞாயிறு இரவு வலது நெற்றியில் எரிச்சல். தலைவாரச் சீப்பு பட்டாலே வலிக்கிறது. தோலில் ஒன்றும் தெரியவில்லை. தலைவலி என்று ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறார். செவ்வாய் மாலை நெற்றி திட்டுத் திட்டாகச் சிவக்கிறது. சுண்ணாம்புத் தண்ணீர் தெறித்திருக்கும் என்று நினைக்கிறார். அந்த வேலையில் அப்படி நினைப்பது சகஜம். ஆனால் தெறித்த சுண்ணாம்பு நடுநெற்றியில் கோடு போட்டதுபோல் நிற்காது. தெறிப்பதற்கு இரண்டு நாள் முன்பே வலிக்கவும் செய்யாது. வலி முந்தி வந்து, சிவப்பு பிந்தி வந்து, நடுக்கோட்டில் நின்றால் அது அக்கிதான்.

புதன் காலை கொப்புளங்கள் எழும்புகின்றன. அன்று மாலை மூக்கின் வலப்பக்கத்தில் ஒன்று, நுனியில் ஒன்று, கடுகளவு. இமை வீங்குகிறது. ஆனால் இமையைத் தூக்கிப் பார்த்தால் கண் வெள்ளையாகத்தான் இருக்கிறது. பார்வையும் தெளிவு. வீட்டார், "கண்ணுக்கு ஒன்றுமில்லை, அக்கி எழுதிவிட்டு வரலாம்" என்கிறார்கள். ஏமாற்றுகிற இடம் இதுதான். கண் சிவப்பதற்குச் சில நாள் ஆகலாம், சில வேளை இரண்டு வாரமும் ஆகலாம். மூக்கு முந்திச் சொல்லுகிறது, கண் பிந்திச் சொல்லுகிறது.

அவர் வியாழன் காலையே கண் மருத்துவரிடம் வந்தால், தோல் சிவந்து இரண்டு நாள்கூட முழுதாக ஆகவில்லை. கிருமி பெருகுவதைத் தடுக்கும் மாத்திரைகள், சிவப்பு தோன்றி 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். பெரியவர்களுக்கு வழக்கமாகக் கொடுப்பது அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், நாளுக்கு ஐந்து வேளை, குறைந்தது ஏழு நாள். அதாவது 35 மாத்திரை. அல்லது வாலசைக்ளோவிர் ஒரு கிராம், நாளுக்கு மூன்று வேளை. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். ஆகையால் மருந்துக் கடையில் தாங்களாக வாங்கக் கூடாது. தோலில் பூசும் களிம்பு கண்ணைக் காப்பாற்றாது. மாத்திரை இல்லாமல் விட்டால் நெற்றி அக்கிக்காரர்களில் பாதிப்பேர் அளவுக்குக் கண் பாதிக்கப்படும். காலத்தோடு கொடுத்தால் அந்தத் தொகை வெகுவாகக் குறைகிறது, அடியோடு இல்லாமல் போவதில்லை. அதனால்தான் மாத்திரை கொடுத்த பிறகும் மறுபடி மறுபடி வரச் சொல்லுகிறோம்.

அவரே மூன்று நாள் அக்கி எழுதிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்று வையுங்கள். அந்த 72 மணி நேரம் போய்விட்டது. காவியின் அடியில் புதுக் கொப்புளம் எது, பழையது எது என்று தெரியாது. இமையோரம் பூசிய காவி கண்ணிலும் விழுந்திருக்கும். அடுத்த வாரம் நெற்றியில் பொருக்கு உதிர்கிறது, வீக்கம் வற்றுகிறது. சுகமாகிவிட்டது என்று எல்லாரும் சந்தோஷப்படும்போது கண் சிவந்து, வெளிச்சம் பார்க்கக் கூசி, பார்வை புகைமூட்டமாகிறது. கருவிழி அழன்று வெண்மை படியலாம். கண்ணுக்குள் அழற்சி உண்டாகி, கண் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கெடுக்கலாம்.

இதைவிடச் சத்தமில்லாத ஆபத்து ஒன்றுண்டு. நரம்பு கெட்டுப்போனால் கருவிழி மரத்துவிடும். தூசி விழுந்தாலும் தெரியாது, கீறினாலும் வலிக்காது. மரத்த காலில் முள் குத்தி ஆறாத புண் வருவதை நம் பக்கத்தில் பலர் அறிவார்கள். கருவிழியிலும் அப்படியே புண் வரும், மாதங்கள் கழித்துக்கூட வரும். வலி இல்லை என்பதால் அந்த வியாதியஸ்தர் வரமாட்டார். ஆகையால்தான் நாங்கள் பஞ்சைத் திரித்து அதன் நுனியால் கருவிழியை மெல்லத் தொட்டுப் பார்க்கிறோம். கண் சிமிட்டினால் உணர்வு உண்டு. அதோடு ஒவ்வொரு கண்ணிலும் தனித்தனியாக எழுத்து வாசிக்கச் சொல்லி, சாயச் சொட்டு விட்டு நீல வெளிச்சத்தில் கருவிழியைப் பார்த்து, கண் அழுத்தத்தையும் அளக்கிறோம்.

தாமதமாகிவிட்டது என்று யாரும் வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். 72 மணி கடந்தாலும், புதுக் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தாலோ கண் பாதிக்கப்பட்டிருந்தாலோ மாத்திரை கொடுப்பதுண்டு. கண்ணுக்குள் வரும் அழற்சிக்கும் அழுத்தத்துக்கும் எந்த வாரத்திலும் வைத்தியம் உண்டு.

வீட்டிலே செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கொப்புளத்தைச் சுத்தமான தண்ணீரால் கழுவி, ஈரம் ஒற்றி, ஒன்றும் பூசாமல் விடுங்கள். நகத்தால் கிள்ள வேண்டாம். முன்பு யாருக்கோ எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு மருந்து வீட்டில் இருந்தால் அதைக் கண்ணில் விட வேண்டாம். அது சிலருக்கு வேண்டும், சிலருக்குக் கேடு. கண்ணைச் சோதித்துப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். பொருக்குத் தட்டும்வரை, சின்னம்மை வராத கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அருகே வராதிருக்கட்டும். கொப்புள நீரிலிருந்து அவர்களுக்கு அக்கி வராது, சின்னம்மை வரலாம். ஐம்பது வயதுக்குள் இருப்பவருக்கு முகத்தில் அக்கி வந்தால், எதிர்ப்புச் சக்தி ஏன் குறைந்தது என்று அறிய எச்.ஐ.வி. உள்ளிட்ட இரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லுவோம். அதற்கு யாரும் கூச வேண்டாம்.

கூட்டத்தில் ஒரு தாயார் கேட்டார்கள்: "அப்படியானால் எழுதுகிறவரிடம் போகவே கூடாதா?" நாங்கள் சொன்ன பதில் இது. அந்தப் பெரியவரிடம்தான் உங்கள் ஊரின் அக்கியெல்லாம் முதலில் வருகிறது. எங்களுக்கு முன்னே அதைப் பார்க்கிறவர் அவர். ஆகையால் அவரையும் இந்தக் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். விலாவில் வந்த அக்கிக்கும் 72 மணிக்குள் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. நெற்றியிலும் இமையிலும் மூக்கிலும் கொப்புளத்தைக் கண்டாலோ, அவர் கல்லை உரைக்காமல், "முதலில் கண் ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சொல்லி, அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடட்டும். அந்த ஒரு சொல் எத்தனையோ கண்களைக் காக்கும்.