கொரிய மொழிக்கு ஒரு வருடம்: தோட்டத்திலிருந்தே படிப்பது எப்படி?

(தோட்ட இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



கொரியாவுக்கு வேலைக்குப் போக வேண்டும் என்று நம் லயங்களில் பலர் பேசுகிறார்கள். தமிழ் வீட்டிலே வந்தது, சிங்களம் கடையிலும் பஸ்ஸிலும் வந்தது. கொரியம் மூன்றாவது. அதை உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கொரியத் தொழிற்சாலை வேலைக்கான இந்தத் திட்டம் இரண்டு அரசாங்கங்களுக்கு இடையிலானது. இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம்தான் இதைச் செய்கிறது. தனியார் முகவருக்கு இதில் இடமே இல்லை. "காசு தா, பாஸ் பண்ணி அனுப்புகிறேன்" என்று ஒருவர் வந்தால், நகையை அடகு வைக்காதீர்கள். 18 முதல் 39 வயதுக்குள் இருப்பவர் மொழிப் பரீட்சையில் நல்ல புள்ளி எடுக்க வேண்டும். அதன் பிறகும் கொரிய முதலாளி ஒருவர் உங்களைத் தெரிவு செய்தால்தான் பயணம். புள்ளி 2 வருடம் செல்லும்.

பரீட்சையில் வாசிப்பில் 20 கேள்வி, கேட்டலில் 20 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 25 நிமிடம். பாதிப் புள்ளி காதுக்குப் போகிறது. நம்மவர்கள் சறுக்குவது அங்கேதான். கொரியச் சொற்களைக் கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்வது அதற்கு ஒரு காரணம்.

ஓர் உதாரணம். கொரியத்தில் நெருப்பு, புல், கொம்பு ஆகிய மூன்றுக்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றுமே 'புல்' என்றுதான் வரும். ஆனால் அங்கே அவை மூன்று வேறு ஒலிகள். நெருப்பை மென்மையாகச் சொல்ல வேண்டும். புல்லை மூச்சைத் தள்ளிச் சொல்ல வேண்டும். கொம்பை உதட்டை இறுக்கி, மூச்சு வெளியே வராமல் சொல்ல வேண்டும். வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய கடதாசியைப் பிடியுங்கள். 'புல்'லுக்கு மட்டும் கடதாசி நன்றாக ஆட வேண்டும். ஆகவே முதல் இரண்டு வாரம் எழுத்து மட்டும் படியுங்கள். அடிப்படை எழுத்து 24தான். பிறகு தமிழில் எழுதிப் படிப்பதை விட்டுவிடுங்கள்.

நமக்குச் சாதகமானதும் உண்டு. "சோனுன் கொங்ஜாங்எசோ இல்ஹம்னிதா" என்றால் "நான் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன்". சோனுன் என்பது நான், கொங்ஜாங் தொழிற்சாலை, எசோ நம்முடைய 'இல்', கடைசியில் வினை. அடுக்கு அப்படியே தமிழ். பேச்சுச் சிங்களத்தில் 'மம யனவா, எயா யனவா' என்று வினை மாறாமல் இருப்பதைப் போல, 'இல்ஹம்னிதா'வும் நான், அவன், அவர்கள் எல்லோருக்கும் ஒன்றே.

எண்ணில்தான் சிக்கல். அங்கே இரண்டு வகை எண் உண்டு. மணிக்கு ஒன்று, நிமிடத்துக்கு மற்றது. மூன்றரை மணி 'செஷி சம்ஷிப்புன்'. மணியில் மூன்று 'செ', நிமிடத்தில் வரும் முப்பதில் மூன்று 'சம்'. கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

இனி நேரக் கணக்கு. பரீட்சைக்கான பாடநூல் இரண்டு பாகம், மொத்தம் 60 பாடம். ஒரு பாடத்துக்கு நான்கு இரவு என்றால் 240 இரவு. வாரத்துக்கு ஆறு இரவு படித்தால் 40 வாரம். பழைய வினாத்தாள் செய்யவும் காலம் வேண்டும். ஆகவே ஒரு வருடம். பரீட்சை அறிவித்த பிறகு தொடங்கினால் போதாது.

ஒரு நாளை இப்படிப் பிரிக்கலாம். பெரட்டுக்குப் போகுமுன் 15 நிமிடம், நேற்றைய பத்துச் சொல்லை மூடி வைத்து எழுதிப் பாருங்கள். மலைக்கு நடக்கும்போது அந்தப் பாடத்தின் ஒலிப்பதிவைப் போனில் கேளுங்கள். இரவில் சாப்பாட்டுக்குப் பிறகு 30 நிமிடம், பாடத்தில் கால்வாசியும் புதிதாகப் பத்துச் சொல்லும். இதற்கு மேல் வேண்டாம். நாள் முழுக்கக் கொழுந்து எடுத்த உடம்பு அதைத் தாங்காது.

ஞாயிற்றுக்கிழமை புதுப் பாடம் இல்லை. இரண்டு பேர் சேர்ந்து, ஒருவர் சொல்ல மற்றவர் கொரிய எழுத்தில் எழுத வேண்டும். வாரத்தின் 60 சொல்லில் 45க்குக் குறைந்தால் அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள். வாசித்தால் புரிகிறது, கேட்டால் எழுத முடியவில்லை என்றால் குறை காதில். அந்த வாரம் ஒலிப்பதிவை இரட்டிப்பாகக் கேளுங்கள்.

கொழுந்து அதிகமாக வரும் சித்திரை, வைகாசியில் காலை 15 நிமிடத்தை மட்டும் விடாதீர்கள். புதுப் பாடத்தை நிறுத்தி வைக்கலாம். படித்ததை மறக்காமல் வைத்திருந்தால், வேலை குறைந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

வீட்டிலுள்ள அம்மாமார், அப்பாமாருக்கும் ஒரு வேண்டுகோள். அந்த இரவு 30 நிமிடம் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்து வையுங்கள். கேட்டல் பயிற்சிக்கு அது கட்டாயம் தேவை.