ஸ்கிரீன்ஷாட்டில் வந்த செய்திக்கு என்ன பதில்?

பிளஸ் டூ முடிவு வெளியாகும் காலையில் நெய்வேலி டவுன்ஷிப்பில் செய்தி ஓட்டமாக ஓடும். பக்கத்து குவார்ட்டர்ஸ்காரரும் அப்பாவும் ஒரே சுரங்கத்தில் வேலை பார்ப்பார்கள். பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிப்பார்கள். அப்படியொரு காலையில் ஒரு மாணவி நெருங்கிய தோழிக்கு மட்டும் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்: “பிசிக்ஸ் போயிடுச்சுடி. அப்பா ஃபர்ஸ்ட் ஷிப்ட் போயிருக்காங்க. வந்ததும் என்ன சொல்றதுன்னே தெரியல.” அந்தத் தோழி அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, “பாவம்டி, நீயும் ஏதாவது சொல்லேன்” என்று இன்னொருத்திக்கு அனுப்பிவிடுகிறாள். இந்த இன்னொருத்தி என்ன எழுதலாம்? அவளுக்கு அன்பில் குறைவில்லை. ஆனால் அன்பாகச் சொல்வதே சில சமயம் காயப்படுத்திவிடும்.

முதலில் அந்த ஸ்கிரீன்ஷாட்டையே எடுத்துக்கொள்வோம். அது இந்த இன்னொருத்திக்கு எழுதப்பட்ட செய்தி அல்ல. ஆகவே முதல் பதில் அனுப்பியவளுக்குத்தான் போக வேண்டும்: “அவகிட்ட கேட்டுட்டுத்தான் அனுப்புனியா?” இல்லை என்றால் இப்போதாவது கேட்கச் சொல்லலாம். இதெல்லாம் வீண் சம்பிரதாயம், துக்கத்தில் இருப்பவளுக்கு உடனே ஆறுதல் சொல்வதுதானே நட்பு என்று கேட்பவர்கள் உண்டு. தோற்றவளுக்கு அந்த நேரத்தில் கையில் மிஞ்சியிருப்பது ஒன்றுதான்: யாருக்கு, எப்போது சொல்வது என்ற உரிமை. அதையும் பறித்துவிட்டு ஆறுதல் சொல்வதில் என்ன பயன்? எதுவும் தெரியாதவள்போல “ரிசல்ட் என்னாச்சுடி?” என்று கேட்பது இன்னும் மோசம். சொல்லக் கூசியதை அவள் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருக்கும். அவள் சம்மதித்தபின், “அவ காட்டினா, பார்த்தேன்” என்று நேராகத் தொடங்குவதே நல்லது.

அடுத்த வரி என்ன? “பிசிக்ஸ் எல்லாருக்கும் வராதுடி, விடு” என்பதுதான் சட்டென்று வாயில் வரும். அனீதா ரத்தன், கேத்தரின் குட், கேரல் டுவெக் ஆகிய மூவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதே வகை ஆறுதலைத்தான் சோதித்தது. கணக்கில் குறைந்த மதிப்பெண் எடுத்ததாகக் கற்பனை செய்துகொண்டவர்களிடம் ‘எல்லோருக்கும் கணக்கு வந்துவிடாது’ என்ற தொனியில் ஆசிரியர் தேற்றினால், அவர் தங்கள்மேல் நம்பிக்கை இழந்துவிட்டார் என்றே மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள், ஊக்கமும் குறைந்தது. அப்படியானால் “நீ ஒழுங்காப் படிக்கல” என்று உண்மையைப் போட்டு உடைத்துவிடலாமா? அவள் அதைக் கேட்கவே இல்லையே. அவளுடைய மூன்று வாக்கியங்களில் இரண்டு அப்பாவைப் பற்றியவை. ஷிப்ட் முடிந்து அவர் மதியம் வந்துவிடுவார் என்பதுதான் அப்போதைய பயம். பதிலும் அதைத்தான் தொட வேண்டும்: “கேட்டதும் எனக்கே கஷ்டமா இருந்துச்சு. அப்பா வர்றதுக்குள்ள நான் வந்து கூட உட்காரட்டுமா? இல்ல, எப்படி ஆரம்பிக்கலாம்னு போன்ல பேசிப் பார்ப்போமா? பதில் போடலைன்னாலும் பரவாயில்ல.” கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், பதில் எழுதியாக வேண்டிய கடனை அது இறக்கி வைக்கிறது.

ஆறுதலைவிடத் தகவல்தானே உதவும் என்பது நியாயமான கேள்வி. தகவலும் நிறைய இருக்கிறது. இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. மொத்தத்தில் 35 எடுத்தால் மட்டும் போதாது; எழுத்தில் தனியே 15 வேண்டும். செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்து முழு 30 கிடைத்து, எழுத்தில் 12 வந்தால் மொத்தம் 42. ஆனாலும் தேர்ச்சி இல்லை. விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தபின் மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கலாம். அதே ஆண்டிலேயே துணைத்தேர்வும் உண்டு. ஆனால் இத்தனையையும் முதல் செய்தியிலேயே கொட்டினால், “உனக்கு வழி தெரியாது, நான் சொல்கிறேன்” என்றுதான் அது அவள் காதில் விழும். நியூயார்க் வழக்கறிஞர் தேர்வுக்குப் படித்தவர்களையும் அவர்களின் துணைவர்களையும் நாள்தோறும் குறிப்பெழுத வைத்து நையல் போல்ஜர் குழுவினர் 2000இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். துணைவர் உதவியிருந்தும், உதவி பெற்றது தேர்வெழுதுபவருக்கே தெரியாமல் இருந்தபோதுதான் அது அதிகம் பயன்பட்டது. அது தேர்வுக்கு முந்தைய நாட்களைப் பற்றியது, இது தோல்விக்குப் பிந்தையது; வேறுபாடு இருக்கிறது. ஆனாலும் இங்கேயும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். கடைசித் தேதியைப் பள்ளியில் விசாரித்துத் தோழி தன்னிடம் வைத்திருக்கட்டும். விண்ணப்பிக்கக் கிடைப்பது சில நாட்களே என்பதால், அவள் கேட்காவிட்டாலும் மறுநாள் அந்தத் தேதியை மட்டும் ஒரே வரியில் அனுப்பிவிடலாம்.

இவ்வளவு நிதானமும் ஓர் இடத்தில் செல்லாது. “இனி இருந்து என்ன பயன்” என்பதுபோல ஒரு வரி அந்த ஸ்கிரீன்ஷாட்டில் இருந்தால் சம்மதம் கேட்டு நேரத்தை வீணாக்கக் கூடாது. ரகசியம் காக்கவும் கூடாது. செய்தி தட்டச்சு செய்வதை விட்டுவிட்டு அவளை அழையுங்கள். எடுக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டாரை அவள் வீட்டுக் கதவைத் தட்டச் சொல்லுங்கள். குவார்ட்டர்ஸ் நெருக்கம் அப்போதுதான் உதவும். அவள் அம்மாவுக்கும் சொல்லுங்கள். 14416 டெலி மானஸ் எண்ணிலும், தமிழ்நாட்டின் 104 எண்ணிலும் ஆலோசகர்கள் பேசுவார்கள். அவளுக்காகக் கவலைப்படும் தோழியும் அங்கே அழைத்து, என்ன செய்வதென்று கேட்கலாம்.