வாரிசுச் சான்றிதழும் வாரிசுகளின் பங்கும்

(தட்டாஞ்சாவடி ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



வீட்டில் ஒருவர் மௌத்தாகிவிட்டால், அவருடைய வங்கிக் கணக்கையும் வாகனத்தையும் என்ன செய்வது என்ற கேள்வி நம்மிடம் அடிக்கடி வருகின்றது. அதற்குரிய முறையை இன்று ஓர் எடுத்துக்காட்டின் வழியே விளக்க விரும்புகின்றோம்.

ஒருவர் தம் தாய், மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் ஆகியோரை விட்டு மரணித்தார் என வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் அனைவரும் வயது வந்தவர்கள். அவர் கணக்கில் ரூ. 2,66,000 இருக்கின்றது; நியமனதாரர் எவரும் இல்லை. 24,000 ரூபாய் பெறுமானமுள்ள ஸ்கூட்டர் ஒன்றும் அவர் பெயரில் உள்ளது.

முதற்கண் இறப்புச் சான்றிதழ் பெறவேண்டும். அடுத்து, உழவர்கரை வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பின்னரே சான்றிதழ் வரும். இங்கு இரு பிழைகள் நேர்கின்றன. ஒன்று, பெயர். இறப்புச் சான்றிதழில் 'முகையதீன்' என்றும் வங்கிப் புத்தகத்தில் 'மைதீன்' என்றும் இருந்தால், வங்கி அங்கேயே நிறுத்திவிடும். ஆதலால் இறப்பைப் பதியும்போதே எழுத்துக்களை ஒப்பிட்டுப் பாருங்கள். மற்றொன்று, விடுபட்ட வாரிசு. மணமாகிச் சென்ற மகளையும், உயிரோடிருக்கும் தாயையும் தந்தையையும் சிலர் எழுதாமல் விடுகின்றனர். நம் ஷரீஅத்தில் இவர்கள் அனைவரும் வாரிசுகளே. கையொப்பமிடுமுன் விண்ணப்பப் பட்டியலை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

இனி வங்கி. இறந்தவரின் ஏ.டி.எம். அட்டையைக் கொண்டு பணம் எடுப்பது முறையன்று. பின்னர் மற்ற வாரிசுகள் கணக்குக் கேட்டால் வழக்காகும். இறப்பை வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறைப்படி, நியமனதாரர் இல்லாத கணக்கில் வணிக வங்கியாயின் 15 லட்சம், கூட்டுறவு வங்கியாயின் 5 லட்சம் ரூபாய் வரை நீதிமன்ற வாரிசுரிமைச் சான்று கேட்கப்படலாகாது. கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அடையாள அட்டைகள், ஈட்டுறுதிப் பத்திரம் ஆகியன போதும். ஒருவர் மட்டும் பணம் பெறுவதாயின் மற்ற வாரிசுகள் எழுதிக்கொடுக்கும் விலகல் கடிதமும் வேண்டும். ஆவணங்கள் முழுமையாகச் சேர்ந்தபின் 15 நாட்களுக்குள் வங்கி தீர்வு செய்தல் வேண்டும்.

நியமனதாரர் இருந்தால் பணம் அவருக்கே சொந்தம் எனப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. அவர் வாரிசுகளுக்காகப் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே என 2010இல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. விலகல் கடிதமும் அவ்வாறே: வங்கியிலிருந்து ஒருவர் பெற்றுக்கொள்ளச் சம்மதம் என்பதே நோக்கமாயின், பங்கை விட்டுக்கொடுத்ததாகப் பொருள் வராதபடி, குடும்பத்திற்குள் தனியே ஓர் உடன்பாடு எழுதிக்கொள்வது நலம்.

அடுத்து வாகனம். உரிமையாளர் இறந்த 30 நாட்களுக்குள், அவர் இறந்ததையும் வாகனத்தைத் தாம் பயன்படுத்த எண்ணுவதையும் போக்குவரத்துத் துறைப் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். அவ்வாறு தெரிவித்தவர் மூன்று மாதம் வரை ஓட்டலாம். அதற்குள் படிவம் 31இல் பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். விற்பனைக்குரிய படிவம் 30ஐக் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள். பதிவுச் சான்று, காப்பீடு, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றை இணைக்கவேண்டும். கடன் பாக்கியிருந்தால் நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் தேவை. காப்பீட்டையும் மறவாதீர், அதுவும் மூன்று மாதம் அல்லது அதன் காலம் முடியும் வரை, இவற்றில் எது முந்தியதோ அதுவரையே செல்லும். அதன்பின் விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுச் சுமை ஓட்டியவர் தலையில் விழக்கூடும்.

வாரிசுச் சான்றிதழ் யார் வாரிசு என்று சொல்லுமேயன்றி, யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. அதை அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்கள் வகுத்துள்ளன. நம் எடுத்துக்காட்டில், அடக்கச் செலவு, கடன், கொடுபடாத மஹர் ஆகியவற்றுக்கு முதலில் ரூ. 50,000 கழிந்தது, வஸிய்யத் ஏதுமில்லை. எஞ்சிய ரொக்கம் ரூ. 2,16,000, ஸ்கூட்டர் ரூ. 24,000, ஆக ரூ. 2,40,000. மனைவிக்கு எட்டில் ஒன்று, ரூ. 30,000. தாய்க்கு ஆறில் ஒன்று, ரூ. 40,000. மீதம் ரூ. 1,70,000ஐ மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என ஐந்தாக்கினால், ஒவ்வொரு மகனுக்கும் ரூ. 68,000, மகளுக்கு ரூ. 34,000. மூத்த மகன் ஸ்கூட்டரைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டால், அவருக்கு ரொக்கமாக ரூ. 44,000 மட்டுமே உண்டு. வண்டி தனிப்பரிசன்று, அது பங்கில் அடங்கியது.

இக்கணக்கை ஒரு தாளில் எழுதி, வாரிசுகள் அனைவரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பங்குக் கணக்கில் ஐயமிருப்பின் வங்கிப் பணத்தைப் பிரிக்குமுன் பள்ளிக்கு வாருங்கள்.