சுவரில் ஒட்டிய முத்திரை

இணையப் பாதுகாப்பைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லப் போகிறவர்களில் பலர் இன்றும் ஒரே பாடத்தைத்தான் சொல்லிவிட்டு வருகிறார்கள். "முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் நம்பு, இல்லாவிட்டால் நம்பாதே." அந்தப் பூட்டை குரோம் உலாவியே 2023-ல் எடுத்துவிட்டது. பூட்டு இருந்தாலே நல்ல தளம் என்று மக்கள் தவறாக எண்ணியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பூட்டு போனாலும் அந்தப் பாடம் மட்டும் இன்னும் போகவில்லை.

துவாக்குடிப் பக்கத்தில் பள்ளிகளுக்குப் போகும்போது நான் படக்காட்சி எதுவும் எடுத்துப் போவதில்லை. ஒரு கட்டுத் தபால் உறை, ஒரு மை அட்டை, வகை வகையான சட்டைப் பொத்தான்கள். இவ்வளவுதான். உறை கடத்தும் விளையாட்டு பல ஆசிரியர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதை நடத்தும் முறையில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இன்று பேச வந்ததே அதற்காகத்தான்.

வழக்கமாக எப்படி நடத்துகிறார்கள்? ஒரு கடிதத்தை உறையில் போட்டு, முத்திரை வைத்து, முதல் பெஞ்சிலிருந்து கடைசிப் பெஞ்சுக்குக் கடத்துவார்கள். முத்திரை உடையாமல் வந்தால் வெற்றி. இதில் பிள்ளைகள் கற்பது, வழியில் யாரும் பிரிக்கவில்லை என்பதை மட்டும்தான். இணையத்தளச் சான்றிதழ்களை இணைக்கும் நம்பிக்கைச் சங்கிலி என்பது அதுவல்ல. சங்கிலியில் கைமாறுவது கடிதம் அல்ல, அறிமுகம். மறுபடியும் சொல்கிறேன்: கைமாறுவது கடிதம் அல்ல, அறிமுகம்.

நான் நடத்தும் முறையைச் சொல்கிறேன். மூன்று மாணவர்கள் வரிசையாக நிற்பார்கள். ஆளுக்கொரு பொத்தான், அதுதான் அவரவர் முத்திரை. எதிரே ஒரு மாணவி, கடிதம் பெறுபவர். அவர் பின்னால் சுவரில் ஓர் அட்டை. அதில் முதல் மாணவனின் முத்திரைப் பதிவு மட்டும் இருக்கும். மற்ற இருவரை அவருக்குத் தெரியாது.

முதல் மாணவன் ஒரு தாளில் இரண்டாமவனின் முத்திரையைப் பதித்து, "இது இன்னாருடைய முத்திரை" என்று எழுதி, உறையில் போட்டு, மடிப்பின் மேல் தன் முத்திரையை வைத்துக் கொடுப்பான். அவன் வேலை முடிந்தது. இரண்டாமவன் அதைப் பிரிக்காமல், அதேபோல மூன்றாமவனை அறிமுகம் செய்து இன்னொரு உறை தயாரிப்பான். மூன்றாமவன் தன் கடிதத்தை மூன்றாவது உறையில் போட்டு, தன் முத்திரையை வைத்து, மூன்றையும் சேர்த்து எதிரே இருப்பவரிடம் நீட்டுவான். வரிசையில் போகப் போக உறைகள் சேர்ந்துகொண்டே வரும்.

பெறுபவர் முதல் உறையின் முத்திரையைச் சுவர் அட்டையோடு ஒப்பிடுகிறார். சரி. பிரிக்கிறார். உள்ளே இரண்டாமவனின் பதிவு. அதை இரண்டாவது உறையின் மேலிருப்பதோடு ஒப்பிடுகிறார். சரி. பிரிக்கிறார். உள்ளே மூன்றாமவனின் பதிவு. அதைக் கொண்டு கடிதத்தின் உறையைச் சோதிக்கிறார். மூன்று ஒப்பீடுகள். முதல் மாணவன் அந்தக் கடிதத்தைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் நம்பிக்கை அவனிடமிருந்துதான் புறப்பட்டது.

இந்தச் சுற்று முடிந்ததும் சுவர் அட்டையைக் கிழித்துவிட்டு, மறுபடி உறைகளைக் கொடுக்கச் சொல்வேன். எல்லா முத்திரையும் சரியாகவே இருக்கும். ஆனால் பெறுபவர் திகைத்து நிற்பார். ஆதார் பிடிஎஃப்பைக் கணினியில் திறந்தவர்களுக்கு இந்தத் திகைப்பு தெரியும். கையொப்பத்தின் மேல் மஞ்சள் கேள்விக்குறியும் Validity Unknown என்ற வரியும் நிற்கும். ஆதார் போலி என்று அர்த்தமில்லை. நம் நாட்டுச் சங்கிலியின் மூலச் சான்றிதழ், அதாவது சுவர் அட்டை, அந்த மென்பொருளிடம் இல்லை. அவ்வளவுதான்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த சுற்று. இதற்காகவே விளையாட்டை நடத்துகிறேன் என்றுகூடச் சொல்லலாம். இப்போது சுவர் அட்டையை மறுபடி ஒட்டிவிட்டு, அறிமுகத் தாளில் இன்னொரு வரி சேர்க்கிறோம். முதல் உறையில், "இவர் பிறரை அறிமுகம் செய்யலாம்." இரண்டாவது உறையில், "இவர் கடிதம் எழுதலாம், பிறரை அறிமுகம் செய்யக் கூடாது." பிறகு மூன்றாமவன் காதில் மட்டும் ஒரு ரகசியம் சொல்வேன். அவன் தன் தோழியைத் தலைமையாசிரியர் என்று அறிமுகம் செய்து ஓர் உறை தயாரிப்பான். அந்தத் தோழி, "நாளை பள்ளி விடுமுறை" என்று எழுதி முத்திரை வைப்பாள். இப்போது நான்கு உறைகள். நான்கு ஒப்பீடும் சரியாக வரும். வகுப்பே கைதட்டும்.

ஒரு பள்ளியில் அந்த ஆரவாரத்துக்கு நடுவே ஒரு சிறுமி எழுந்து, "சார், அவனை யாரையும் கூட்டிட்டு வரக் கூடாதுன்னு ரெண்டாவது கவர்லயே எழுதியிருக்கே" என்றாள். அதுதான் பாடம். முத்திரை சரியாக இருந்தால் போதாது, உள்ளே என்ன அனுமதி எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டும். முத்திரையைப் பார், அனுமதியையும் படி. இன்டர்நெட் எக்ஸ்புளோரரே இந்த வரியைப் படிக்காமல் விட்டதை 2002-ல் கண்டுபிடித்தார்கள். ஒரு சாதாரணத் தளத்துக்கான சான்றிதழ் கையில் இருந்தால் போதும், யார் பெயரில் வேண்டுமானாலும் புதிய சான்றிதழ் தயாரிக்கலாம் என்ற நிலை அன்று இருந்தது.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு நம் நாட்டுக் கதையையே சொல்வேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன்படி, சான்றளிக்கும் நிறுவனங்களுக்கு உரிமம் தரும் கட்டுப்பாட்டாளர் ஒருவர் டெல்லியில் இருக்கிறார். சங்கிலியில் அவர் முதல் மாணவன். தேசியத் தகவலியல் மையமான என்ஐசி இரண்டாமவனாக இருந்தது. 2014 ஜூலை 2 அன்று, கூகுளின் முகவரிகளுக்கு என்ஐசி பெயரில் சான்றிதழ்கள் உலவுவதைக் கூகுள் கண்டது. கூகுள் அவற்றைக் கேட்கவே இல்லை. என்ஐசியின் வழங்கும் முறைக்குள் யாரோ புகுந்திருந்தார்கள். நம் மூலச் சான்றிதழ் விண்டோஸின் சுவரில் ஒட்டப்பட்டிருந்ததால், அந்தச் சுவரை நம்பும் மென்பொருளுக்கு எல்லா ஒப்பீடும் சரியாகவே வரும். ஃபயர்பாக்ஸ் தனக்கென்று தனிச் சுவர் வைத்திருந்தது. அதில் இந்த அட்டை இல்லை, ஆகவே அது தப்பியது. மறுநாளே கட்டுப்பாட்டாளர் என்ஐசியின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தார். தவறாகப் போனவை நான்கு என்றார்கள். அந்த நான்கில் அடங்காதவற்றையும் தான் கண்டதாகக் கூகுள் சொன்னது.

குரோம் அடுத்துச் செய்ததைப் பாருங்கள். அட்டையைக் கிழிக்கவில்லை. அதன் கீழே ஒரு வரி எழுதியது. இந்த முத்திரை இனி ஏழு முகவரிப் பெயர்களுக்கும் அவற்றின் கிளைகளுக்கும் மட்டும் செல்லும் என்றது. gov.in, nic.in, ac.in எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. நம் துவாக்குடி என்ஐடியின் முகவரி nitt.edu என்று முடிகிறது. அது பட்டியலுக்கு வெளியே. அதாவது அந்த இந்தியச் சங்கிலியில் nitt.edu பெயருக்கு யாராவது சான்றிதழ் நீட்டினால், முத்திரை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் குரோம் ஏற்காது. முத்திரையைப் பார், அனுமதியையும் படி என்று சொன்னேனே, அதேதான்.

இந்தச் சம்பவத்தைச் சொன்ன பிறகு கரும்பலகையையும் விளையாட்டில் சேர்த்துக்கொள்வேன். யார் யாரை அறிமுகம் செய்தாலும் அதைப் பலகையில் எழுதியாக வேண்டும். எழுதாத உறை செல்லாது. 2018 ஏப்ரலுக்குப் பின் வழங்கப்பட்ட சான்றிதழ்கள் இப்படித்தான் பொதுப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும் என்று குரோம் கேட்கிறது. பலகை பொய்யைத் தடுக்காது. தன் பெயரில் யார் அறிமுகமாகிறார்கள் என்று உரியவர் பார்த்துவிட முடியும், அதுதான் பயன்.

நடத்தப் போகிற ஆசிரியர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. முதலாவது, மூடிய உறையைப் பார்த்துச் சான்றிதழ் ரகசியமானது என்று பிள்ளைகள் எண்ணிவிடுவார்கள். சான்றிதழை யாரும் திறந்து படிக்கலாம். இரண்டாவது பெரியது. பொத்தான் பதிவைப் பார்த்த எவனும் அதே பொத்தானைக் கடையில் வாங்கிவிடலாம். உண்மையான மின்னணுக் கையொப்பத்தில் சரிபார்க்க ஒரு சாவி, கையொப்பமிட வேறொரு சாவி. சரிபார்க்கும் சாவியை ஊருக்கே கொடுத்தாலும் அதைக் கொண்டு கையொப்பமிட முடியாது. இந்த வித்தியாசத்தைப் பொத்தானால் காட்ட முடியாது. பத்தாம் வகுப்புக்கு மேலே என்றால் பெரிய பகா எண்கள் இரண்டைப் பெருக்குவது எளிது, பெருக்கற்பலனைப் பிரிப்பது கடினம் என்பதிலிருந்து தொடங்கலாம். அதற்கு உறை வேண்டாம், தாளும் பேனாவும் போதும்.