‘தான்’ என்னும் ஓரசை: அயல்நாட்டுப் பயிற்றுநரும் ஆங்கிலப் பேச்சழுத்தமும்

 

கடல் கடந்து வந்து இம்மண்ணில் கற்பிப்பது நமக்குப் புதிதன்று. இலங்கையிலிருந்து வந்த தனிநாயகம் அடிகள் 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் பணியாற்றினார். இன்று தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் முனைவர் பட்ட ஆய்வுக்கு வருவோர் பலர், புள்ளியியல், பொறியியல் போன்ற துறைகளில் டுடோரியல் வகுப்பு எடுக்கிறார்கள், விடைத்தாள் திருத்துகிறார்கள். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. அமர்ந்திருப்போர் மலாய், சீன, தமிழ் மாணவர்கள். அங்குதான் ‘என் உச்சரிப்பு இவர்களுக்குப் புரியுமா?’ என்ற அச்சம் எழுகிறது.

அத்தகைய ஆய்வு மாணவர் ஒருவரை நான் அறிவேன். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். முதல் பருவத்தின் நடுவிலேயே, “வகுப்பு வேண்டாம் ஐயா, திருத்தும் பணியை மட்டும் கொடுக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன்” என்றார். அவரை அவ்வாறு சொல்ல வைத்தது ஒரு விடைத்தாள் கட்டு.

எண்கள் தம் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் அளவை அவர் கற்பித்திருந்தார். மாதிரியாக எடுத்த எண்களுக்கு அதைக் கணிக்கும்போது, எண்ணிக்கை n என்றால் n − 1 ஆல் வகுக்க வேண்டும். தேர்வில் 2, 4, 6, 8, 10 என்ற ஐந்து எண்கள் தரப்பட்டன. சராசரி 6. விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 40. நான்கால் வகுத்தால் சரியான விடை 10. ஐந்தால் வகுத்தால் 8 என்ற தவறான விடை. அவருடைய வகுப்பின் இருபத்து நான்கு தாள்களில் பதினொன்றில் 8 என்றிருந்தது. அதே பாடத்தை வேறொருவரிடம் கேட்ட குழுவில் அந்தத் தவறு இரண்டே தாள்களில் இருந்தது.

“என் உச்சரிப்பே காரணம்” என்று அவர் முடிவு கட்டினார். நான் அவருடைய வகுப்பின் ஒலிப்பதிவைக் கேட்டேன். அவர் சொன்ன வாக்கியம் இது: “வீ டிவைட் பை n மைனஸ் ஒன், நாட் பை n.” எந்த எழுத்தும் பிழையாக ஒலிக்கவில்லை. ஆனால் எல்லாச் சொற்களும் ஒரே கனத்தில், ஒரே வேகத்தில் ஓடின. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த மாணவர் செவியில் இறுதியாக நின்றது ‘பை n’ என்பதே.

உச்சரிப்பு வேறு, புரியும் தன்மை வேறு. கனடாவில் மன்றோ, டெர்விங் என்ற இரு ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. அயல் உச்சரிப்பு மிகுதி என்று கேட்போர் மதிப்பிட்ட பேச்சைக்கூட, அதே கேட்போர் பல இடங்களில் சொல் பிசகாமல் எழுதிக் காட்டினர். அப்படியானால் புரிதலைக் கெடுப்பது எது? லாரா ஹான் 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒரு விடை தருகிறது. அயல்நாட்டுப் பயிற்றுநர் ஒருவரின் விரிவுரை மூன்று விதமாகப் பதிவு செய்யப்பட்டது. ஒன்றில் வாக்கியத்தின் முதன்மைச் சொல்லில் குரல் சரியாக அழுந்தியது; மற்றொன்றில் தவறான சொல்லில் அழுந்தியது; மூன்றாவதில் அழுத்தமே இல்லை. அமெரிக்க மாணவர்களுள் முதல் பதிவைக் கேட்டவர்களே கருத்தை மிகுதியாக நினைவில் கொண்டனர்.

இவ்விடத்தில்தான் நம் தமிழ் இயல்பை நினைக்க வேண்டும். எது முக்கியம் என்பதைக் காட்டத் தமிழுக்கு இடைச்சொற்கள் உண்டு. “n − 1 ஆல்தான் வகுக்கிறோம்” என்கிறோம். குரல் உயராவிட்டாலும் ‘தான்’ என்னும் ஓரசை வேலையை முடித்துவிடுகிறது. ஏகாரமும் அவ்வாறே. மலாயில் ‘லா’ என்னும் ஒட்டும் இதற்கு நெருங்கிய பணியைச் செய்கிறது. ஆங்கிலத்தில் அப்பணியைப் பெரும்பாலும் குரலின் ஏற்றமும் நீட்சியுமே செய்கின்றன. தமிழர் ஆங்கிலம் பேசும்போது ‘தான்’ விடுபட்டுவிடுகிறது. அதற்கு ஈடான குரலழுத்தம் வந்து சேர்வதில்லை. குறை அங்கே இருக்கிறது.

ஆகவே அந்த மாணவருக்கு ஒரு பயிற்சி சொன்னேன். மறுநாள் வகுப்பின் உயிரான ஐந்து வாக்கியங்களை மட்டும் முதலில் தமிழில் எழுதுக. ‘தான்’ எங்கே விழுகிறது என்று கோடிடுக. பிறகு ஆங்கிலத்தில் சொல்லும்போது அந்தச் சொல்லில் குரலைச் சற்றே உயர்த்தி, சிறிது நீட்டி, அதன்பின் ஒரு மூச்சளவு நிறுத்துக. அவருடைய வாக்கியம் இப்படி ஆயிற்று: “வீ டிவைட் பை n” என்று சொல்லி நிறுத்தி, “மைனஸ் ஒன்” என்பதை ஓங்கி, பலகையில் அந்த − 1 ஐ வட்டமிட்டு, அதன் பிறகே பேச்சைத் தொடர்ந்தார். ‘நாட் பை n’ என்ற வாலை வெட்டிவிட்டார். தவறானதைக் கடைசியில் சொன்னால் அதுவே செவியில் தங்குகிறது.

பலகையைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. ஹானின் ஆய்வில் கேட்டவர்கள் அமெரிக்கர். நம் மலேசிய மாணவர் பேசும் ஆங்கிலத்தில் அசைகள் ஏறத்தாழச் சம அளவில் ஒலிக்கின்றன. குரலழுத்தத்தை மட்டும் நம்பிப் பொருள் கொள்ளும் பழக்கம் அவர்களுக்குக் குறைவு. ஆகவே இங்கே நிறுத்தமும் எழுத்தும் துணைக்கு வர வேண்டும். மறுபுறம், மேலைநாட்டுப் பயிற்சி நூல்கள் வற்புறுத்தும் சில திருத்தங்கள் இங்கே தேவைப்படுவதில்லை. ‘பின்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலியைத் தமிழர் மூச்சுக்காற்று வெடிக்காமல் ஒலிப்பதால், அமெரிக்கர் செவியில் அது குப்பைத் தொட்டியைக் குறிக்கும் சொல்லாகக் கேட்கக்கூடும். மலாய் மொழியிலும் அந்த மூச்சு வெடிப்பு இல்லாமையால் இங்குள்ள செவிக்கு அது உறுத்துவதில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குறை முழுவதும் பேசுவோரிடம் இல்லை. அமெரிக்காவில் டொனால்ட் ரூபின் 1992இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கர் ஒருவர் பேசிய ஒரே ஒலிப்பதிவு மாணவர்களுக்குப் போட்டுக் காட்டப்பட்டது. ஒரு சாராருக்கு வெள்ளையர் படமும் மற்றொரு சாராருக்கு ஆசியர் படமும் பேச்சாளர் என்று காட்டப்பட்டன. ஆசிய முகத்தைக் கண்டவர்கள் இல்லாத அயல் உச்சரிப்பைக் கேட்டதாகக் கூறினர், புரிந்துகொண்டதும் குறைந்தது. எதிர்பார்ப்பே செவியை அடைத்துவிட்டது. இதை எந்தக் குரல் பயிற்சியாலும் முற்றாக நீக்க முடியாது. ஆனால் முதல் நாளே “என் உச்சரிப்பை மன்னியுங்கள்” என்று தொடங்குவோர், அந்த எதிர்பார்ப்பைத் தாமே ஊட்டிவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

அப்படியானால் குறை யாரிடம் என்பதை எப்படி அறிவது? மாணவர் முகக்குறி போதாது. இங்குள்ள மாணவர் புரியாவிட்டாலும் பணிவாகத் தலையசைப்பர். “புரிந்ததா?” என்று கேட்பதற்கு மாறாக, “ஐந்து எண்கள் இருந்தால் எதனால் வகுப்பீர்கள்?” என்று கேட்டு, ஒவ்வொருவரையும் தாளில் எழுதச் செய்க. விடைத்தாள் அதைவிட உண்மையான சான்று. தவறுகள் பலவாறாகச் சிதறிக் கிடந்தால், அவை மாணவர்களின் தனித்தனிக் குழப்பங்கள். ஒரே தவறு ஒரு வகுப்பில் மட்டும் குவிந்திருந்தால், அந்த வகுப்பில் சொல்லப்பட்ட ஏதோ ஒரு வாக்கியம் செவி சேரவில்லை. எனவே வகுப்பை விட்டுவிட்டுத் திருத்தும் பணியை மட்டும் கேட்பவர், தம் பேச்சை அளக்கும் கருவியை வைத்துக்கொண்டு பேச்சைக் கைவிடுகிறார்.

அந்த மாணவர் வகுப்பைக் கைவிடவில்லை. பதினொரு தாள்களுக்கும் மதிப்பெண் திட்டப்படியே மதிப்பெண் இட்டார். தம் வகுப்பில் நேர்ந்ததைப் பாடப் பொறுப்பாளரான விரிவுரையாளரிடம் எழுத்தில் தெரிவித்தார். அடுத்த வாரம் அந்த ஒரு படியை மீண்டும் கற்பித்தார். பருவ இறுதித் தேர்வில் அதே வகையான கணக்கு வந்தது. n ஆல் வகுத்தவர்கள் மூவர். அவருடைய உச்சரிப்போ வந்த நாளில் இருந்தது போலவேதான் இருக்கிறது.